புதிதாகக் காபி போடப்போகும் தோழிக்கு என்ன வாங்கித் தரலாம்?



உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் பிறந்ததிலிருந்து டீ மட்டுமே குடித்து வளர்ந்த உங்கள் தோழி, இப்போது சென்னையில் தனியாக வீடு எடுத்திருக்கிறார். அலுவலகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் குடித்த ஃபில்டர் காபி பிடித்துப்போய், இனி வீட்டிலேயே போடுவதென்று முடிவு செய்திருக்கிறார். பிறந்தநாளுக்கு 2,000 ரூபாய்க்குள் காபி சம்பந்தமாக ஏதாவது தர வேண்டும் என்கிறீர்கள். மின்சார காபி மேக்கர், பிரெஞ்சு பிரஸ், கையால் சுற்றி அரைக்கும் கிரைண்டர், அரைக் கிலோ கொட்டை என்று ஒரு பட்டியலும் அனுப்பி, இதில் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கும் வேண்டாம். சின்ன எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று, இரண்டு பொட்டலமாக 200 கிராம் புதிதாக அரைத்த பொடி, மூடி இறுக்கமாக உட்காரும் டப்பா ஒன்று. இவ்வளவுதான். மீதிப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதற்கு வேலை வரும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, தோழிக்கு எந்தக் காபி பிடித்தது என்பதை. ஓட்டலில் அவர் குடித்தது கெட்டியான டிகாக்‌ஷனில் பாலைக் கலந்த காபி. ஒரு டம்ளர் காபியில் மூன்றில் ஒரு பங்குதான் டிகாக்‌ஷன், மீதி பால். அவ்வளவு பாலைத் தாங்கிக்கொண்டும் காபியின் ருசி நாக்கில் நிற்க வேண்டுமென்றால், டிகாக்‌ஷன் அதற்கேற்ற கெட்டியாக இருக்க வேண்டும். நம் ஃபில்டரில் 20 கிராம் பொடிக்கு ஏறக்குறைய 120 மில்லி தண்ணீர்தான் ஊற்றுகிறோம். பிரெஞ்சு பிரஸ்ஸில் 15 கிராம் பொடிக்கு 250 மில்லி ஊற்றுவது வழக்கம். அதில் வருவது பால் இல்லாமல், கோப்பை நிறைய ஊற்றிக் குடிப்பதற்கான காபி. அதில் இரண்டு பங்கு பாலைக் கலந்தால் நிறம் மட்டும் மிஞ்சும். சொட்டுச் சொட்டாக இறக்கும் மின்சார மேக்கரும் ஏறக்குறைய இந்த வகைதான். அதனால்தான் நல்ல கொட்டை, நல்ல கருவி எல்லாம் வாங்கிக் கொடுத்தும், “ஓட்டல் மாதிரி வரலையே” என்று பலரும் ஒரு வாரத்தில் அதை அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அவர் பால் சேர்க்காத கறுப்புக் காபி குடிப்பவராக இருந்தால் இந்தக் கடிதத்தையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது பிரெஞ்சு பிரஸ்தான் சரி, ஃபில்டர் இரண்டாம்பட்சம்.

ஃபில்டர் என்று முடிவானதும் கடைக்காரர் பெரியதாக ஒன்றைக் காட்டுவார். பரிசு என்றால் கொஞ்சம் பார்வையாக இருக்கட்டும் என்பார். வாங்காதீர்கள். இதில் அளவு முக்கியம். மேல் பாத்திரத்தில் பொடி ஓரளவு தடிமனான படுகையாக இருந்தால்தான் தண்ணீர் மெதுவாக ஊடுருவி, சாரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். ஆறு பேருக்கான ஃபில்டரில் ஒருவருக்கான பொடியைப் போட்டால் அது அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். ஊற்றிய தண்ணீர் சட்டென்று ஓடிவிடும். தனியாக இருப்பவருக்கு, எப்போதாவது ஒரு விருந்தாளி வந்தாலும் போதும் என்கிற அளவில், இரண்டு மூன்று கப் ஃபில்டர் சரியாக இருக்கும்.

கடையில் மேல் பாத்திரத்தைக் கையிலெடுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து அடியைப் பாருங்கள். துளைகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். சில துளைகள் வெளிச்சம் வராமல் அடைத்திருந்தாலோ, சில மட்டும் பெரிதாக இருந்தாலோ வேறொன்றைக் கேளுங்கள். அடுத்து, மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் வைத்து அசைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது. அதே சமயம், திருகி இழுத்தால்தான் கழன்று வரும் என்கிற இறுக்கமும் கூடாது. டிகாக்‌ஷன் இறங்க இறங்க கீழே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் சொட்டுவது பாதியில் நின்றுவிடும். உள்ளே பொடியின் மேல் வைக்கிற, நடுவில் காம்பு உள்ள தட்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பித்தளை ஃபில்டர் பரிசுக்கு அழகுதான். ஆனால் தேய்த்துத் தேய்த்து வைக்க வேண்டும், உள்ளே ஈயப்பூச்சு போனால் மறுபடி பூச ஆள் தேட வேண்டும். வேலைக்குப் போகிற, புதிதாகப் பழகுகிற ஒருவருக்கு அந்தப் பாடு வேண்டாம்.

இனி காபிக்கொட்டை. வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் போனால் பலகையில் பிளான்டேஷன் ஏ, பிபி, செர்ரி, ரோபஸ்டா என்று எழுதியிருக்கும். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, எந்தச் செடி, எப்படிப் பதப்படுத்தியது என்பது. பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகாவுக்குத்தான் இங்கே பிளான்டேஷன் என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து எடுத்தால் செர்ரி. இன்னொன்று, கொட்டையின் அளவும் வடிவமும். ஏ என்பது சல்லடையில் சலித்துப் பிரித்த பெரிய கொட்டை. அதைவிடப் பெரியது டபுள் ஏ. பிபி என்பது பீபெரி. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சிலவற்றில் ஒரே ஒரு விதை வளர்ந்து உருண்டையாகிவிடும். அதைத் தனியாகப் பொறுக்கி விற்கிறார்கள். உருண்டை என்பதாலேயே அது மேலான காபி ஆகிவிடாது. எந்தத் தோட்டம், எப்படி வறுத்தது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் ஒரே அளவாக இருப்பதால் சீராக வறுபடும் என்பது அதை விரும்புகிறவர்களின் வாதம்.

ரோபஸ்டாவை மட்டமானது என்று ஒதுக்க வேண்டியதில்லை. அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் அதில் உண்டு. கசப்பும் கெட்டியும் கூடுதல், வாசனை குறைவு. பழகியவர்கள் கலவையில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். டீயிலிருந்து வரும் ஒருவருக்கு முதல் டம்ளரிலேயே அந்தக் கசப்பைக் கொடுக்க வேண்டாம். உங்கள் பரிசுக்கு பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி போதும். வறுவல் நடுத்தரத்தைவிட ஒரு படி கூடுதலாக, நல்ல பழுப்பு நிறத்தில் இருக்கட்டும். இளவறுவலில் இருக்கும் பழப்புளிப்பு கறுப்புக் காபிக்கு அழகு. பாலோடு சேரும்போது பலருக்கு அது பிடிப்பதில்லை. மறுகோடியில், கறுத்து, மேலெல்லாம் எண்ணெய் மினுங்கும் கொட்டையில் கரிந்த கசப்புத்தான் முன்னால் நிற்கும். கண்ணாடி ஜாடியில் எண்ணெய் வடிய எத்தனை நாளாகவோ கிடக்கும் கொட்டை என்றால், அந்த எண்ணெயே சிக்குவாடை அடித்திருக்கும்.

கொட்டையாகவே கொடுத்து, வீட்டில் அரைக்கச் சொன்னால்தான் மணம் நிற்கும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் தோழி வீட்டில் இருப்பது மிக்ஸி. அதன் பிளேடு கொட்டையை வெட்டி உடைக்குமே தவிர ஒரே அளவாக அரைக்காது. தூளும் இருக்கும், குருணையும் இருக்கும். தூள் ஃபில்டர் துளையை அடைக்கும், குருணையிலிருந்து சாரம் சரியாக இறங்காது. இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கும் கை கிரைண்டர் நல்லதாக வேண்டுமென்றால், பெரும்பாலும் உங்கள் 2,000 ரூபாயையும் அதுவே விழுங்கிவிடும். கடையில் இருக்கும் பெரிய மெஷின் இந்த வேலையை உங்கள் கண்ணெதிரே, ஒரே சீராகச் செய்து தருகிறது. ஃபில்டருக்கு என்று சொன்னால் அவர்களுக்கே தெரியும். விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழுக்கக்கூடாது, நைசான ரவை போல லேசாக நெருட வேண்டும்.

அரைத்ததால் வரும் நஷ்டம் ஒன்று உண்டு. பொடியின் மணம் கொட்டையைவிட வெகுவேகமாகப் போய்விடும். வறுத்த கொட்டையை நன்றாக மூடி வைத்தால் ஒரு மாதம்வரை ருசி குறையாமல் இருக்கும். பொடிக்கு இரண்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போகாது, ஆனால் காபி சப்பென்றாகிவிடும். அரைக் கிலோ வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர் குடிக்க நாளொன்றுக்கு 20 கிராம் பொடி ஆகும். 200 கிராம் பத்து நாளைக்கு வரும். அரைக் கிலோ என்றால் 25 நாள். கடைசிப் பத்து நாளும் அவர் குடிப்பது பழைய பொடியில் போட்ட காபிதான், குறை தன் கைப்பக்குவத்தில் என்று நினைத்துக்கொண்டு.

அந்த 200 கிராமை இரண்டு பொட்டலமாக வாங்கச் சொன்னேன். ஒன்றில் வெறும் காபி. இன்னொன்றில் அதே கொட்டை, அதே வறுவல், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர். அதை உலர்த்தி, வறுத்து, பொடித்துக் கலக்கிறார்கள். அதில் காஃபீன் கிடையாது. தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட அதில் மிக அதிகம் என்பதால் டிகாக்‌ஷன் கறுப்பாக, கனமாக, லேசான கருப்பட்டி இனிப்போடு இறங்கும். பல ஓட்டல்களில் கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கிறது என்று நாம் மெச்சுகிற டிகாக்‌ஷனில் சிக்கரிக்கும் பங்குண்டு. சிக்கரி சேர்ப்பது தப்பு என்று சிலரும், அது இல்லாமல் ஃபில்டர் காபியே இல்லை என்று சிலரும் சொல்வார்கள். உங்கள் தோழிக்கு எது பிடிக்கும் என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் இன்னும் தெரியாது. ஓட்டலில் அவர் குடித்ததில் இருந்ததா இல்லையா என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து சிக்கரி மட்டும் மாறினால், இரண்டே காலையில் அவரே கண்டுகொள்வார். அதனால் இரண்டு பொட்டலத்தின் மேலும் என்ன இருக்கிறது, எந்தத் தேதி அரைத்தது என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

கடையில் இப்படிச் சொல்லுங்கள்: “ஏ பாதி, பிபி பாதி. நூறு கிராம் சிக்கரி இல்லாம, ஃபில்டருக்கு அரைச்சுக் குடுங்க. இன்னொரு நூறு, எண்பதுக்கு இருபது சிக்கரி போட்டு.” கூடவே எப்போது வறுத்தது என்றும் கேளுங்கள். “இப்பதான்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், நேற்று, முந்தாநாள் என்று கிழமை சொல்கிற கடையில் வாங்குங்கள். கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் வாங்கினால் போதும். அப்படி ஒரு கடை பக்கத்தில் இல்லாமல் பாக்கெட்டுதான் வாங்க வேண்டும் என்றால், முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். காபி 51 சதவீதம் இருந்தாலே காபி-சிக்கரிக் கலவை என்று விற்கலாம். ஆகவே கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாகவே இருக்கும் பாக்கெட்டும் கடையில் உண்டு, விலை மலிவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வறுத்த தேதி போட்டிருக்கும் பாக்கெட், அடைத்த தேதி மட்டும் போட்டிருப்பதைவிட நம்பகமானது.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். பொடி அந்த ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். இறுக மூடும் சின்ன எவர்சில்வர் டப்பா போதும், 100 கிராம் போட்டால் நிறைகிற அளவு. பெரிய டப்பாவில் பாதிக்குமேல் காற்றுதான் இருக்கும். டப்பாவில் போடாத பொட்டலத்தை ஒவ்வொரு முறையும் இறுக மடித்து மூடி வைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் எடுத்தெடுத்துத் திறந்தால் குளிர்ந்த பொடியின் மேல் ஈரம் படியும், பக்கத்தில் இருக்கும் குழம்பு வாசனையும் ஏறும். ஈரக் கரண்டி போடக்கூடாது.

இதெல்லாவற்றோடும் ஒரு அட்டையில் செய்முறையை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். ஏறத்தாழ இப்படி:

ஃபில்டரின் இரண்டு பாத்திரமும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மேல் பாத்திரத்தில் மேசைக்கரண்டியால் தலைதட்டி நான்கு கரண்டி பொடி போடு. அது சுமார் 20 கிராம். பக்கவாட்டில் தட்டிச் சமப்படுத்து. காம்புத் தட்டை மேலே வைத்து லேசாக அழுத்து, அமுக்காதே. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடு. முதலில் பொடி நனையும் அளவு மட்டும் ஊற்று. அரை நிமிஷம் கழித்து மீதியை ஊற்று. மொத்தம் 120 மில்லி, அதாவது முக்கால் டம்ளர். மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போ. பதினைந்து இருபது நிமிஷத்தில் இறங்கிவிடும். பொடி நாற்பது மில்லி தண்ணீரைத் தன்னிடமே பிடித்துக்கொள்ளும், கீழே எண்பது மில்லி இருக்கும். பாதி காலைக்கு, பாதி மாலைக்கு. அப்போது காய்ச்சிய பாலை டிகாக்‌ஷனைப் போல இரண்டு பங்குக்குமேல் விட்டு ஆற்றிக் குடி. மாலைக்கு வைத்ததை அடுப்பில் கொதிக்க வைக்காதே. கொதிக்கும் பாலை அதில் ஊற்றினாலே சூடு சரியாக இருக்கும்.

அட்டையின் பின்பக்கத்தில், தவறு நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதுங்கள். புதியவருக்கு இதுதான் அதிகம் உதவும். காபி நன்றாக இல்லை என்பது தெரியும், எங்கே பிசகியது என்பது தெரியாது. ஃபில்டர் அதை நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று நான்கு நிமிஷத்திலேயே எல்லாம் இறங்கிவிட்டால் டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கும். பொடி போதவில்லை, அல்லது தட்டை அழுத்தாமல் விட்டுவிட்டோம், அல்லது பொடி குருணையாக இருக்கிறது. முதல் இரண்டையும் மறுநாள் சரிசெய்து பார்க்கலாம். அப்படியும் ஓடினால் அரைவைதான் காரணம், அடுத்த முறை கடையில் இன்னும் கொஞ்சம் நைசாக என்று கேட்க வேண்டும்.

அரைமணி நேரமாகியும் மேலே தண்ணீர் நிற்கிறதென்றால், முதலில் மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி மறுபடி வையுங்கள். காற்று அடைத்திருந்தால் உடனே சொட்ட ஆரம்பிக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் தட்டை அமுக்கிவிட்டிருக்கலாம், அல்லது பொடி மாவாக இருக்கலாம். முதல் வாரம் நன்றாக இறங்கிவிட்டு, பிறகு நாளுக்கு நாள் மெதுவானால் துளைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெறும் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினால் சிக்கிய பொடி கருகி உதிரும், ஆறியதும் தேய்த்துக் கழுவிவிடலாம். பல வீடுகளில் காலங்காலமாகச் செய்வது இது. எவர்சில்வருக்கு அதனால் நிறம் கொஞ்சம் மாறும், வேறொன்றும் ஆகாது.

நேரம் சரியாக இருந்து, டிகாக்‌ஷனும் கறுப்பாக இருந்து, காபி மட்டும் மணமில்லாமல் இருந்தால் அது பொடியின் வயது. பொட்டலத்தில் நீங்கள் எழுதிய தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டபரா டம்ளர் ஒரு ஜோடி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம். ஆற்றுவதற்கு உதவும், பரிசும் பார்க்க நிறைவாக இருக்கும். தெர்மாமீட்டர், பால் நுரைக்கும் கருவி, வாசனை கலந்த சிரப் இவற்றை விட்டுவிடுங்கள்.

மிச்சம் வைத்த பணத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பொடி தீரும் சமயத்தில் தோழியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பொட்டலம் முதலில் காலியானது? சிக்கரி கலந்தது என்றால், அடுத்த 200 கிராமில் சிக்கரியை அப்படியே வைத்துக்கொண்டு, காபிப் பங்கில் கால்வாசியை ரோபஸ்டாவாக மாற்றிக் கேளுங்கள். ஓட்டல் காபியின் அழுத்தம் இன்னும் கிட்டே வரும். வெறும் காபிதான் முதலில் தீர்ந்தது என்றால், ஒரே ஊர்க் காபியாக வாங்குங்கள். ஏற்காட்டுக் கொட்டை 100 கிராம், சிக்கமகளூர்க் கொட்டை 100 கிராம், தனித்தனியாக. ஊருக்கு ஊர் ருசி மாறுமா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். ஒருவேளை அவர் பாலைக் குறைத்துக்கொண்டே வருகிறார் என்று தெரிந்தால், நீங்கள் முதலில் ஆசைப்பட்ட பிரெஞ்சு பிரஸ்ஸை அப்போது வாங்குங்கள். பொடியைக் கொரகொரப்பாக அரைத்து வாங்க மறந்துவிடாதீர்கள். ஃபில்டர் பொடியைப் பிரஸ்ஸில் போட்டால் அடியில் சேறு மாதிரி வண்டல் தங்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்